ஐசோபார் நெருக்கமென்றால் நாள் முழுக்க மழையா?

பொன்வண்டு: நாளை மதியம் மூன்று மணிக்கு மான்செஸ்டரில் மகளின் பிறந்தநாள், தோட்டத்தில் பந்தல். மெட் ஆபீஸ் வானிலைப் படத்தில் ஐசோபார் என்ற சம அழுத்தக் கோடுகள் நெருக்கமாக இருக்கின்றன, நாள் முழுக்க மழைதான் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். நம்பலாமா?

கார்மேகம்: நம்பலாம். நெருக்கம் என்றால் மழை. இதில் கேட்க என்ன இருக்கிறது?

படகோட்டி: நெருக்கம் காட்டுவது காற்றை. மழையை ஃப்ரண்டில், அதாவது குளிர்காற்றும் வெப்பக்காற்றும் சந்திக்கும் எல்லையில் தேடுங்கள். நாளை 12 மணிப் படத்தில் ஃப்ரண்டைக் காட்டும் நீல முக்கோணக் கோடு டப்ளினுக்குச் சற்று மேற்கே இருக்கிறது, மான்செஸ்டருக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அந்தக் கோட்டின் மேலேயே ஸ்கேலை வைத்து, அதை வெட்டும் இரண்டு ஐசோபார்களுக்கு நடுவே அளந்தேன்: 200 கிலோமீட்டர். அடுத்தடுத்த கோடுகளுக்குள் 4 மில்லிபார் வித்தியாசம் என்பதால், இந்த அட்சரேகையில் ஃப்ரண்ட் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் நகரும். ஆறு மணிநேரத்தில் வந்துவிடும். இன்னும் நெருக்கமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். நாள் முழுக்க மழை வேண்டுமென்றால், ஐசோபார்கள் ஃப்ரண்டை வெட்டாமல் அதற்கு இணையாக ஓட வேண்டும்.

கார்மேகம்: ஈஸ்டருக்கும் ஐயா ஸ்கேல் வைத்தார். நாங்கள் கோழி சுட்டது மழையில்.

படகோட்டி: ஈஸ்டர் படத்தில் ஃப்ரண்ட் நடுவே ஒரு புடைப்பு இருந்தது. புடைப்பு வந்தால் ஃப்ரண்ட் தேங்கிவிடும் என்று அன்றே எழுதினேன். படிக்காமல் கோழி சுட்டால் நான் என்ன செய்ய?

அடையாறுக்காரன்: சென்னையில் புயல் வரும்போது ஐசோபார் நெருங்க நெருங்கக் கொட்டும். கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

படகோட்டி: வங்கக்கடல் புயலில் ஃப்ரண்டே கிடையாது. கேள்வி மான்செஸ்டரைப் பற்றி.

அடையாறுக்காரன்: லண்டன் போனால் சென்னை மழை மழையில்லையோ?

குயில்: ஒரு சின்ன விஷயம். படத்தின் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரம். பிரிட்டனில் இப்போது கோடை நேரம், ஒரு மணி கூட்ட வேண்டும். ஃப்ரண்ட் வருவது மாலை 7 மணிக்கு.

கார்மேகம்: கடிகாரமே பார்க்கத் தெரியாதவர்தான் நமக்குப் பாடம் நடத்துகிறாரா!

படகோட்டி: ஆறு மணிநேரம் என்று எழுதினேன், ஆறு மணிக்கு என்றா எழுதினேன்?

பொன்வண்டு: சண்டை இருக்கட்டும். பந்தல் தாங்குமா?

படகோட்டி: தரையில் காற்று பாதிதான் இருக்கும், 25 கிலோமீட்டர் போல. ஆனால் ஃப்ரண்ட் கடக்கும்போது தென்மேற்கிலிருந்து சட்டென்று வடமேற்குக்குத் திரும்பும். அப்போது ஒரு வீச்சு 50-ஐத் தொடலாம். ஆறு மணிக்குள் பந்தலை இறக்கிவிடுங்கள். அதற்கு முன் தூறவே தூறாது என்று நான் சொல்லவில்லை. ஃப்ரண்டுக்கு முன்னால் வருவது ஈரக்காற்று.

கார்மேகம்: பார்த்தீர்களா, தூறலாம் என்கிறார். நெருக்கம் என்றால் மழை!

படகோட்டி: தூறலும் நாள் முழுக்க மழையும் ஒன்றா?

கார்மேகம்: நனைந்த கோழியைக் கேளுங்கள்.