பக்கத்து வீட்டு கேமரா எங்க படுக்கையறை ஜன்னலைப் பார்க்குது: கோர்ட்டுக்குப் போகாம என்ன செய்யலாம்?

மாடிவீடு:
பக்கத்து வீட்டு மாடிச் சுவர்ல புல்லட் கேமரா. எங்க ஜன்னலுக்கும் அதுக்கும் 5 மீட்டர்தான். "கேட்டைப் பார்க்கத்தான் மாட்டினோம், உங்க ஜன்னல் தெரியாது"ன்னு சொல்றாங்க. உண்மையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கழட்ட வைக்க முடியுமா?

சேலம் டெக்னீஷியன்:
கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பார்த்து முடிவு பண்ணாதீங்க. வீடுகள்ல சாதாரணமா மாட்டுறது 2.8 எம்எம் லென்ஸ். அது 100 டிகிரி அளவுக்கு விரிஞ்சு பார்க்கும். மூக்கு கேட்டைப் பார்த்திருந்தாலும், பக்கவாட்டு ஜன்னல் படத்தோட ஓரத்துல வந்துடும். 5 மீட்டர்ல சுமார் 12 மீட்டர் அகலம் அதுல அடங்கும். 2 மெகாபிக்ஸல் கேமரான்னா மீட்டருக்கு 160 பிக்ஸல். தெரிஞ்சவங்க முகத்தை அடையாளம் காண அது போதும். அதே கேமரா 15 மீட்டர் தள்ளி இருந்தா ஆள் நடமாட்டம் மட்டும்தான் தெரியும்.

அதனால அவங்க மானிட்டர்லயே காட்டச் சொல்லுங்க. பகல்ல ஒரு தடவை, ராத்திரி உங்க ரூம்ல லைட்டைப் போட்டுட்டு ஒரு தடவை. பகல்ல கண்ணாடி கருப்பாத் தெரியும், அதைக் காட்டித்தான் "ஒண்ணும் தெரியாது"ம்பாங்க.

"கழட்டுங்க"ன்னு கேட்டா சண்டைதான் வரும். ஜன்னல் பகுதியை மட்டும் மறைக்கச் சொல்லுங்க. வீடியோவைப் பதிவு பண்ற பெட்டியான டிவிஆர்ல, பெரும்பாலும் `Privacy Mask`னு ஒரு மெனு இருக்கும், கருப்புக் கட்டம் வரைஞ்சா போதும். காசு செலவே இல்ல. ஜன்னலை விட நாலாபக்கமும் கொஞ்சம் பெருசா வரையணும். காத்துலயோ காக்கா உக்காந்தோ கேமரா லேசா நகர்ந்தா, கட்டம் திரையில அதே இடத்துல நிக்கும், ஜன்னல் வெளிய வந்துடும். பதிவான வீடியோவையும் ஓட்டிப் பார்த்துடுங்க.

நேர்மையான்:
இவ்வளவு எதுக்கு? ஐடி சட்டம் 66இ. நேரா ஸ்டேஷன். 3 வருஷம் ஜெயில்.

வக்கீல் குமாஸ்தா:
பிரிவு சரி, பொருத்தம் சரியில்ல. 66இ அந்தரங்க உறுப்புகளைப் படம் பிடிச்சாத்தான். புது குற்றவியல் சட்டமான பிஎன்எஸ்ல 77-ம் பிரிவும் பெண்ணை அந்தரங்கமான நிலையில பார்த்தாலோ படம் பிடிச்சாலோதான். கேமரா திரும்பியிருக்கிறதை மட்டும் வெச்சு எஃப்ஐஆர் வாங்குறது கஷ்டம். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வீட்டுச் சொந்த உபயோகத்தைத் தொடாது. தவிர, கேமரா வையுங்கன்னு போலீஸே ஊக்கப்படுத்துறாங்க. "அவர் வீடு, அவர் கேமரா"ன்னு அனுப்பிடுவாங்க.

முதல்ல ஒரு கடிதம். உங்க ஜன்னலுக்குள்ள நின்னு, லென்ஸ் தெரியுற மாதிரி எடுத்த போட்டோவைத் தேதியோட இணைச்சு, "15 நாளுக்குள்ள திருப்புங்க, இல்ல மறைங்க"ன்னு எழுதி, ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி ரசீதை வெச்சுக்கங்க. அசையலைன்னா ஸ்டேஷன்ல மனு குடுத்து, அதைப் பதிஞ்சதுக்கு ரசீதான சிஎஸ்ஆர் வாங்குங்க. போலீஸ் கூப்பிட்டுப் பேசினாலே பாதிப் பேர் இறங்கி வந்துடுவாங்க. அதுக்கும் மசியலைன்னா மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்கு போடாமலே சமரசத்துக்கு மனு குடுக்கலாம், விவரத்துக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பில்லாம இலவச உதவி உண்டு. அவங்க நடத்துற சமரச மன்றமான லோக் அதாலத்துல கையெழுத்தாச்சுன்னா அது சிவில் கோர்ட் டிக்ரி மாதிரி, மேல்முறையீடு கிடையாது. ஆனா அவர் வந்து ஒத்துக்கிட்டாத்தான்.

பி-பிளாக்:
எங்க அப்பார்ட்மென்ட்ல லிஃப்ட் பக்கத்துல அசோசியேஷன் வெச்ச கேமரா எங்க வாசலைப் பார்க்குது. இதுக்கும் சிஎஸ்ஆரா?

வக்கீல் குமாஸ்தா:
உங்களுது வேற. பொது இடம், பொதுக்குழுவுல எழுத்துல கேளுங்க. வீடியோவை யார் பார்க்கலாம்னு தீர்மானம் போட வைக்கிறதுதான் அங்க முக்கியம்.

திரைச்சீலை:
கண்ணாடி மாதிரி ஃபிலிம் ஒட்டிடுங்க, வெளிய இருந்து ஒண்ணும் தெரியாது.

சேலம் டெக்னீஷியன்:
பகல்ல மட்டும். ராத்திரி உள்ள லைட் எரிஞ்சா அப்படியே தலைகீழ், வெளிய இருந்து பளிச்சுன்னு தெரியும். பனிக்கண்ணாடி மாதிரி மங்கலான ஃபிலிம் வாங்குங்க, அது ரெண்டு நேரமும் வேலை செய்யும். ஆனா ஜன்னலைத் திறந்தா போச்சு.

மாடிவீடு:
கட்டம் போட ஒத்துக்கிட்டாங்க. ஆனா பாஸ்வேர்டு அவங்ககிட்டதானே? நாளைக்கு எடுத்துட்டா?

சேலம் டெக்னீஷியன்:
அரை நிமிஷத்துல எடுத்துடலாம், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. டிவிஆரை ரீசெட் பண்ணாலும் போயிடும். அதனால கேமராவோட வெயில் மூடியில உங்க பக்கமா ஒரு கருப்பு பிவிசி துண்டை ஸ்க்ரூ போட்டு நீட்டச் சொல்லுங்க. உங்க ஜன்னல்ல இருந்து பார்த்தா லென்ஸ் தெரியக் கூடாது, அதுதான் டெஸ்ட். துண்டு லென்ஸுக்கு ரொம்ப ஒட்டி இருந்தா கேமராவுலயே இருக்கிற இரவு விளக்கோட வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பி, அவங்க படம் வெளுத்துடும். அப்புறம் அவங்களே பிடுங்கிப் போட்டுடுவாங்க. ராத்திரி படத்தைப் பார்த்துட்டே இடத்தை முடிவு பண்ணுங்க.

நேர்மையான்:
சுத்துற வைஃபை கேமராவா மாத்திட்டா?

சேலம் டெக்னீஷியன்:
அதுல துண்டும் உதவாது, கட்டமும் மாடலைப் பொறுத்தது. "இந்த இடத்துல சுத்துற கேமரா வைக்க மாட்டோம்"னு எழுதி வாங்கலாம். குமாஸ்தா சார், அது செல்லுமா?

வக்கீல் குமாஸ்தா:
லோக் அதாலத்துல எழுதினா செல்லும். வெறும் பேப்பர்ல எழுதி வாங்கினா சாட்சியாத்தான் உதவும்.