டர்னிட்டின்ல 31% வந்துருக்கு, மேற்கோளும் ரெஃபரன்ஸும்தான் கலர் கலரா தெரியுது, என்ன பண்றது?

முல்லை_வணிகவியல்: எல்லாருக்கும் வணக்கம். பிஎச்டி தீசிஸ், கான்ட்ராக்ட் தொழிலாளர் பத்தி. மத்தவங்க எழுத்தோட எவ்வளவு ஒத்துப்போகுதுனு லைப்ரரில டர்னிட்டின் ரிப்போர்ட் எடுத்தா 31%, மஞ்சள் கட்டம். திறந்து பாத்தா கடைசி 14 பக்க நூல் பட்டியல் முழுக்க கலர், ரெண்டாவது அத்தியாயத்துல நான் கோட் பண்ண 1947 தொழில் தகராறு சட்டத்தோட 2(s) பிரிவு, அதான் ‘workman’ வரையறை, அது அப்படியே ஒரே கலர்ல கிடக்கு. சட்டத்தை நான் எப்படி சொந்த வார்த்தைல எழுத முடியும்? யுஜிசி 10%னு சொல்றாங்க, ராத்திரி தூக்கமே வரல.

கடலூர்_ராஜா: ரொம்ப சிம்பிள் மேடம், பட்டியலை வெட்டிட்டு ஏத்துங்க, 20க்கு வந்துரும். மேற்கோளை எல்லாம் கொஞ்சம் வார்த்தை மாத்தி போடுங்க. நான் அப்படித்தான் பண்ணேன்.

பழைய_நூலகர்: ராஜா தம்பி, பட்டியலை வெட்ட வேண்டிய அவசியமே இல்ல, யுஜிசியோட 2018 விதிமுறையே பட்டியல், முறையா மேற்கோள் காட்டினது, சட்ட வாசகம், இதையெல்லாம் கணக்குல சேர்க்கக்கூடாதுனு சொல்லுது. மேற்கோள்ல வார்த்தை மாத்துறது அதைவிட மோசம், சட்டத்துல ஒரு சொல்லு மாறினா அர்த்தமே மாறிடும்.

முல்லை, லைப்ரரில ஃபில்டர் போட்டாங்களானு முதல்ல கேளுங்கம்மா. ரிப்போர்ட் செட்டிங்ல `Exclude Quotes`, `Exclude Bibliography`னு ரெண்டு இருக்கும். அப்புறம் ரெண்டு விஷயம் சொல்லுங்க: மேற்கோளுக்கு ஒத்தக்குறி போட்டீங்களா ரெட்டைக்குறியா? பட்டியலுக்கு என்ன தலைப்பு?

முல்லை_வணிகவியல்: ஃபில்டர் ரெண்டும் போட்டுதான் எடுத்தாங்களாம் சார், அப்பவும் 31. ஒத்தக்குறிதான், கைடு அப்படித்தான் விரும்புவார். பட்டியல் தலைப்பு Books and Articles Used.

பழைய_நூலகர்: அதான் காரணம். அந்த மெஷினுக்கு படிக்கத் தெரியாது, அடையாளம் மட்டும்தான் தெரியும். ஒத்தக்குறிக்குள்ள இருக்கறதை அது மேற்கோளா எடுத்துக்காது, ரெட்டைக்குறி வேணும். பட்டியலை தலைப்பை வச்சுதான் கண்டுபிடிக்கும், References இல்லனா Bibliography, தனி வரில, கூட வேற எதுவும் ஒட்டாம. மாத்திட்டு மறுபடி ஏத்துங்க. ஆனா வேர்டுல ஒத்தக்குறியை மொத்தமா ரீப்ளேஸ் போட்டுறாதீங்க, workers' மாதிரி இடத்துல எல்லாம் ரெட்டைக்குறி விழுந்து தீசிஸே நாறிடும், ஒவ்வொண்ணா பாத்து மாத்துங்க.

சேலம்_தமிழ்வாணி: எனக்கு 94% வந்துச்சு! சாகலாம்னு இருந்துச்சு. பாத்தா மாசத்துக்கு முன்னாடி நானே ஏத்துன டிராஃப்ட்தான், ரெபாசிடரில சேந்துருச்சு, என் பேப்பரை என் பேப்பரோடவே ஒப்பிட்டிருக்கு. உங்களுக்கும் அதுதான்.

பழைய_நூலகர்: வாணிம்மா, அவங்க கேட்டது வேற. ஆனா நல்லவேளை சொன்னீங்க. முல்லை, மறுபடி ஏத்தும்போது ரெபாசிடரில சேமிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. முதல் தடவை சேமிச்சிருந்தா அந்த மூலத்தை மட்டும் ரிப்போர்ட்ல இருந்து நீக்கச் சொல்லுங்க.

முல்லை_வணிகவியல்: சார் 31ல இருந்து 12 ஆயிருச்சு!! பட்டியல் போச்சு, சட்டமும் போச்சு. இன்னும் 2% குறைக்கணும், சின்ன மேட்ச்சை விலக்கலாமா?

பழைய_நூலகர்: விதிமுறைல தொடர்ச்சியா 14 வார்த்தை வரைக்கும் பொதுவான சொற்றொடரை விடலாம்னு இருக்கு, அதனால the objectives of the present study மாதிரி துணுக்குகளை விலக்கறது தப்பில்ல. ஆனா முதல்ல வலப்பக்கம் மூலங்களோட லிஸ்ட்ல முதல் ரெண்டைத் திறந்து பாருங்க. மொத்த நம்பரைவிட ஒரே மூலத்துல இருந்து ஒரே இடத்துல குவிஞ்சிருக்கறதுதான் பாக்க வேண்டியது.

முல்லை_வணிகவியல்: பாத்தேன். முதல் மூலம் 3%, அதுல பாதி மூணாவது அத்தியாயத்துல ஒரே பத்தி. ஒரு கட்டுரைல இருந்து எடுத்தது, கடைசில ஆசிரியர் பேரும் வருஷமும் போட்டிருக்கேன், குறி போடல, ரெண்டு மூணு வார்த்தை மாத்தியிருக்கேன்.

பழைய_நூலகர்: 31%ல நிஜமா கவலைப்பட வேண்டியது அந்த ஒரு பத்திதான். பேரு போட்டாலும் வாசகம் அவருதுதானே. ஒண்ணு ரெட்டைக்குறி போட்டு அப்படியே குடுங்க, இல்லனா கட்டுரையை மூடி வச்சுட்டு உங்க வார்த்தைல எழுதிட்டு பேரைப் போடுங்க. ஒரு பத்தி முழுக்க கோட் பண்றதைவிட ரெண்டாவது வழி நல்லது.

கடலூர்_ராஜா: அப்ப மொத்தத்தையும் குறிக்குள்ள போட்டா 0% வந்துருமே சார் 😄

பழைய_நூலகர்: வரும். வைவால கேப்பாங்க, இதுல உன் எழுத்து எங்கடானு.

முல்லை_வணிகவியல்: நன்றி சார். ஒரு சந்தேகம், நான் கான்ஃபரன்ஸ்ல போட்ட என்னோட பேப்பரே 2% காட்டுது, அதையும் கோட் பண்ணணுமா?

பழைய_நூலகர்: அது இடத்துக்கு இடம் மாறுதும்மா, சில யுனிவர்சிட்டில கைடு சர்டிஃபிகேட் குடுத்தா விலக்கிடறாங்க, சில இடத்துல ஒத்துக்கறதில்ல. உங்க ரிசர்ச் செக்‌ஷன்ல எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க.