புதுப்பிப்பு: கன்ட்ரோல் சொல்யூஷன் போட்டுப் பார்த்தாச்சு

என் பழைய கேள்வி: “சுகர் மீட்டர் அஞ்சு நிமிஷ இடைவெளியில 148, 196னு காட்டுது. மீட்டர் கெட்டுப்போச்சா?”

கன்ட்ரோல் சொல்யூஷன்னா, மீட்டரும் ஸ்ட்ரிப்பும் சரியா இருக்கான்னு பார்க்க ரத்தத்துக்குப் பதிலா வைக்கிற, குளுக்கோஸ் கலந்த திரவம். அந்த பாட்டிலை நல்லா குலுக்கி, முதல் சொட்டைத் துடைச்சுட்டு, அடுத்ததை சுத்தமான மூடி மேல வச்சு ஸ்ட்ரிப்பால தொட்டேன். 171. திரும்பவும் போட்டேன், 168. ஸ்ட்ரிப் டப்பாவில அச்சடிச்சிருந்த கன்ட்ரோல் அளவு 102–138.

“வெளியே போனா மீட்டர் அவுட்”னு ஒருத்தர் சொன்னதை நம்பி புதுசு வாங்கவே கிளம்பிட்டேன். லேப்ல வேலை பார்க்கிற அக்காதான், “முதல்ல ஸ்ட்ரிப்பை மாத்திப் பாருங்க, சொல்யூஷனைத் திறந்து மூணு மாசம் தாண்டலையே?”ன்னு கேட்டாங்க. தாண்டலை. புது டப்பாவைப் பிரிச்சேன்: 119. அந்த டப்பாவில 104–141. பழைய டப்பா மூடி சரியா அழுந்தாம இருந்திருக்கு, ஈரம் உள்ளே போயிருக்கணும்.

171ஐப் பார்த்து மருந்தைக் கூட்டச் சொன்ன அண்ணா, அது என் ரத்தத்தோட அளவு இல்லை, சொல்யூஷனோட அளவு.

இப்பவும் லேப் அளவோட கொஞ்சம் வித்தியாசம் வருது. அதை இந்தச் சோதனை சொல்லாதாம். அடுத்த ரத்தப் பரிசோதனை அன்னிக்கு மீட்டரைக் கையோட கொண்டுபோறேன்.