பாடல் அலறுகிறது, உரை முணுமுணுக்கிறது: நார்மலைஸ் செய்தும் பயனில்லை

தூக்கமில்லாதவன்: ஒரே பட்டியலில் பாடல்களும், வீடியோக்களிலிருந்து பிரித்தெடுத்த உரைகளும் இருக்கின்றன. உரைக்காக ஒலியைக் கூட்டினால் அடுத்த பாடல் காதைக் கிழிக்கிறது. நார்மலைஸ் செய்தாகிவிட்டது. அவசரம்!

மழைத்துளி: எந்த பிளேயர்? எதில் நார்மலைஸ் செய்தீர்கள்?

பழைய ரேடியோ: பாடல்களை அளவுக்கு மீறி அமுக்கிப் பதிவுசெய்யும் வழக்கம்தான் காரணம். எல்லாவற்றையும் உச்ச அளவுக்கு நார்மலைஸ் செய்யுங்கள், தீர்ந்தது.

அரைநிலா: எனக்கும் இதே தொல்லை. ஒரே படத்தில் வசனம் கேட்பதில்லை, வெடிச்சத்தம் மட்டும் அதிர்கிறது.

செவிப்பறை: அரைநிலா, உங்களுடையது வேறு சிக்கல். நார்மலைசேஷன் கோப்பு முழுவதையும் ஒரே அளவில் ஏற்றி இறக்கும். கோப்புக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தைத் தொடாது. தூக்கமில்லாதவரே, கேள்வி கேட்கவும் ஒரு முறை உண்டு. ஒரு பாடலையும் ஓர் உரையையும் அளந்து முடிவைப் போடுங்கள்:

```
ffmpeg -i a.mp3 -af ebur128=peak=true -f null -
```

தூக்கமில்லாதவன்: mpv. ஆடாசிட்டியில் எல்லாவற்றின் உச்சத்தையும் -1 டெசிபலில் வைத்தேன்.

```
பாடல்: I: -8.3 LUFS   Peak: -0.8 dBFS
உரை:  I: -24.1 LUFS  Peak: -0.9 dBFS
```

செவிப்பறை: உச்சம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் காது உச்சத்தைக் கேட்பதில்லை, சராசரியைக் கேட்கிறது. அதில் 15.8 டெசிபல் வித்தியாசம். உரையில் யாரோ மேசையைத் தட்டியிருப்பார் அல்லது மைக்கில் இடித்திருப்பார். அந்த ஒரு தட்டு -1ஐத் தொட்டதும் ஆடாசிட்டி நின்றுவிட்டது, பேச்சு கீழேயே கிடக்கிறது. பழைய ரேடியோ, நீங்கள் சொன்னதைத்தான் அவர் ஏற்கெனவே செய்திருக்கிறார்.

பழைய ரேடியோ: பாடல்கள் அமுக்கப்பட்டவை என்றேனே, அது பொய்யா?

செவிப்பறை: அது உண்மை. மருந்துதான் தவறு.

மழைத்துளி: ரீப்ளேகெயின் குறியீடு எழுதினால் போதாதா? கோப்பின் ஒலி மாறாது, பிளேயர்தான் ஏற்றி இறக்கும்.

செவிப்பறை: போதும், ஆனால் இலக்கைக் கவனிக்க வேண்டும். வழக்கமான -18ஐ எடுத்தால் உரையை 6.1 டெசிபல் ஏற்ற வேண்டும். அந்த மேசைத் தட்டு எல்லையைத் தாண்டி உடையும். உடையாமல் பிளேயர் தடுத்தால் ஏற்றம் ஒரு டெசிபலோடு நின்றுவிடும், பாடல் மீண்டும் முந்திவிடும். ஆகவே உரையை ஏற்றாதீர்கள், பாடலை இறக்குங்கள்:

```
rsgain custom -s i -l -24 *.mp3
mpv --replaygain=track *.mp3
```

பாடல் 15.7 டெசிபல் இறங்கும், உரை இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு ஒலிபெருக்கியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மழைத்துளி: சிறிய ஒலிபெருக்கியில் கூட்ட இடமிருக்காது. அந்தத் தட்டை மட்டும் லிமிட்டரால் அடக்கிவிட்டு உரையை ஏற்றுவதே மேல்.

செவிப்பறை: ஒவ்வோர் உரையிலும் தட்டைத் தேடிக்கொண்டிருப்பாரா?

பழைய ரேடியோ: லிமிட்டர் என்றாலே தரம் போயிற்று.

மழைத்துளி: மேசைத் தட்டுக்கு என்ன தரம் ஐயா?

தூக்கமில்லாதவன்: -24 வைத்தேன், சமமாகிவிட்டது. மடிக்கணினியில் ஒலி முழுவதும் கூட்டியும் கொஞ்சம் குறைவுதான். நன்றி.

அரைநிலா: என் படத்துக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்?