30-ஐ 25 ஆக்கும் மெயில்: முன்னாடியே முடிக்கணுமா, தள்ளித் தொடங்கணுமா?

கிண்டிக்காரன்

எங்க டீம்ல எட்டு பேர், எல்லாருக்கும் அவுட்லுக். அரை மணி மீட்டிங்கை 25 நிமிஷமாவும் ஒரு மணி மீட்டிங்கை 50 ஆவும் குறைக்கலாம்னு மேனேஜர் ஒத்துக்கிட்டார். டீமுக்கு மெயில் நான்தான் எழுதணும். நேத்து வேற இழையில தரமணி, "5 நிமிஷம் முன்னாடி முடிச்சுக்கோங்கன்னு ஒரு வரி எழுதினா போதும், மத்ததெல்லாம் வெட்டி வேலை"ன்னு சொல்லியிருந்தார். நான் எழுதி வச்சிருக்கிறது இது:

"வரும் திங்கள் முதல் நமது எல்லா மீட்டிங்குகளும் 25 அல்லது 50 நிமிடங்களில் முடியும். அனைவரும் ஒத்துழைக்கவும்."

இது போதுமா?

பழைய_அட்மின்

போதாது. ஒரு வரி போதும் என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த ஒரு வரி மெயிலால் திங்கள்கிழமை காலண்டரில் ஒன்றுமே மாறாது.

அவுட்லுக்கில் `File > Options > Calendar` போனால் `Shorten appointments and meetings` என்று ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் செய்த பிறகு நீங்கள் அனுப்பும் புது அழைப்புகள் மட்டும்தான் குறையும். ஏற்கெனவே ஓடும் வாராந்திரத் தொடர்கள் அப்படியே அரை மணியாகத்தான் நிற்கும். அடுத்தவர் உங்களுக்கு அனுப்புவதும் அவர் வைத்த நீளத்தில்தான் வரும். எட்டு பேரில் மூன்று பேர் டிக் செய்யாமல் விட்டால் அந்த மூவரின் அழைப்பு எல்லாம் பழைய கணக்குதான். ஆகவே "எல்லா மீட்டிங்குகளும்" என்று மெயிலில் எழுதுவது முதல் நாளே பொய்யாகிவிடும்.

அதைவிட முக்கியம், அந்தப் பெட்டியில் `End early`, `Start late` என்று இரண்டு தேர்வு உண்டு. இதில் எது என்று மெயிலில் எழுதியே ஆக வேண்டும். என் பதில்: தள்ளித் தொடங்குங்கள். 10:00–10:25 வேண்டாம், 10:05–10:30 வையுங்கள். முன்னாடி முடிப்பதை யாரும் காப்பாற்ற மாட்டார்கள். 10:25-க்கு அடுத்த வேலை யாரையும் கூப்பிடுவதில்லை. அடுத்த மீட்டிங் 10:30-க்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். பேச்சு அதுவரை ஓடும்.

தரமணி

என் பேரை இழுத்தாச்சு, அதனால பதில் சொல்றேன். தள்ளித் தொடங்கறது வேலைக்கே ஆகாது. 10:05-னு போட்டா ஆளுங்க 10:08-க்கு வருவாங்க. ஏற்கெனவே 10 மணி மீட்டிங்குக்கு மூணு நிமிஷம் லேட்டா வர்றவங்க, 10:05 மீட்டிங்குக்கும் மூணு நிமிஷம் லேட்டாத்தான் வருவாங்க. 25 நிமிஷத்துல மூணு போச்சுன்னா மிச்சம் 22.

முன்னாடி முடிக்க வைக்கிறதும் கஷ்டமில்ல. 20-வது நிமிஷம் நடத்துறவர் பேச்சை நிறுத்தி, யார் என்ன செய்யணும்னு வாசிக்கணும். அவ்வளவுதான். அதை மெயில்ல ஒரு வரியா எழுதலாம். ஒரு வரின்னுதான் நான் சொன்னேன்.

நிதர்சனா

மைக்ரோசாஃப்ட் இதை ஆராய்ச்சியே பண்ணி நிரூபிச்சிருக்காங்க, 2021-ல. மூளையலையை அளந்து பார்த்தாங்க. மீட்டிங்குக்கு நடுவுல 5 நிமிஷம் விட்டா போதும், அழுத்தம் ஏறாதுன்னு வந்தது. கிண்டிக்காரன், அதை மெயில்ல போடுங்க, யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க.

பழைய_அட்மின்

ஆய்வு நடந்தது உண்மை. 5 நிமிடம் என்பது தவறு. 14 பேரை வைத்து, அடுத்தடுத்து நான்கு அரை மணி வீடியோ மீட்டிங் நடத்தினார்கள். ஒரு நாள் இடைவெளியே இல்லை. இன்னொரு நாள் நடுவில் பத்து பத்து நிமிடம் விட்டு, அந்த நேரத்தில் தியானம் செய்ய வைத்தார்கள். அதைக் காட்டி 5 நிமிடத்துக்கு ஆதாரம் சொல்ல முடியாது. மெயிலில் போட்டால் படித்த ஒருவர் அதைப் பிடித்துக்கொள்வார், மொத்த மாற்றமும் அங்கேயே நின்றுவிடும். காரணம் எழுத ஆய்வு தேவையில்லை. "ஒரு மீட்டிங்கின் குறிப்பை எழுதி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக நேரம் வேண்டும்" என்றால் யாருக்கும் புரியும்.

தரமணிக்கு: 20-வது நிமிடம் நிறுத்தலாம் என்கிறீர்கள். நிறுத்த வேண்டியவர் மேனேஜராக இருந்து, பேசிக்கொண்டிருப்பவரும் அவரேயாக இருந்தால் யார் நிறுத்துவது? தொடங்கும் நேரத்தைக் காப்பாற்ற அந்தத் தைரியம் தேவையில்லை. 10:05-க்கு முன் அறையில் ஆளே இருக்காது.

தரமணி

தைரியம் இல்லாதவங்களுக்காகக் காலண்டரை மாத்தணுமா? நல்லா இருக்கு.

இதுக்கு பதில் சொல்லுங்க. பக்கத்து டீம் இதுல சேரல. கிண்டிக்காரனோட மீட்டிங் 10:05–10:30. பக்கத்து டீம் அழைப்பு 10:30–11:00. நடுவுல எவ்வளவு இடைவெளி? பூஜ்யம். நான் சொல்ற மாதிரி 10:00–10:25 வச்சா 5 நிமிஷம் கையில நிக்கும்.

பழைய_அட்மின்

அதே பக்கத்து டீம் 9:30–10:00 அழைப்பு அனுப்பியிருந்தால்? உங்கள் 10:00 மீட்டிங்குக்கு முன் பூஜ்யம், என்னுடையதற்கு முன் 5 நிமிடம். ஒன்று பின்னால் இடம் விடுகிறது, மற்றது முன்னால். கணக்கில் இரண்டும் சமம். வித்தியாசம் எது நடைமுறையில் நிற்கும் என்பதில்தான், அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

உண்மையான ஆபத்து ஒரே டீமில் இரண்டும் கலப்பது. கிண்டிக்காரன் தள்ளித் தொடங்குகிறார், 10:05–10:30. அவர் டீமிலேயே இன்னொருவர் முன்னாடி முடிக்கிறார், 10:30–10:55. இரண்டு பேரும் பாலிசிப்படி 25 நிமிடம்தான் வைத்தார்கள், இடைவெளி இல்லை. மூன்றாவது ஒருவர் 11:05-க்கு வைத்தால் அங்கே மட்டும் பத்து நிமிடம் சும்மா கிடக்கும். இரண்டு வாரத்தில் "இந்த 25 நிமிஷம் எல்லாம் சும்மா" என்று பேச்சு கிளம்பும். எது என்று மெயிலில் எழுதாததன் விலை அதுதான்.

சேலத்துப்_பையன்

எங்க டீம் ஸ்டாண்டப் 15 நிமிஷம்னு போட்டிருக்காங்க, தினம் 40 நிமிஷம் போகுது. இதை 10 ஆக்க எந்த செட்டிங் மாத்தணும் அண்ணா?

பழைய_அட்மின்

தம்பி, செட்டிங்கால் பேச்சு நிற்காது. 15 என்று போட்டதே நிற்கவில்லை, 10 என்று போட்டாலும் 40-தான் ஓடும். அங்கே நின்றபடியே பிரச்சினையைத் தீர்க்கப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். அது வேறு இழை.

தரமணி

இதையேதான் நானும் சொல்றேன்! செட்டிங்கால் பேச்சு நிற்காது, நடத்துறவர்தான் நிறுத்தணும். அந்தப் பையனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

பழைய_அட்மின்

முடிவைச் செட்டிங் காப்பாற்றாது என்றேன். தொடக்கத்தைக் காப்பாற்றும். படித்துவிட்டு எழுதுங்கள். போன மாதம் ஷிஃப்ட் ரோஸ்டர் இழையிலும் பாதியைப் படித்துவிட்டு இப்படித்தான் சண்டைக்கு வந்தீர்கள்.

கிண்டிக்காரன், மெயிலை இப்படி அனுப்புங்கள்.

"பொருள்: 4-ஆம் தேதி முதல் நம் புதிய மீட்டிங்குகள் 25 / 50 நிமிடம்

வணக்கம். 4-ஆம் தேதி திங்கள் முதல் நம் டீமிலிருந்து அனுப்பும் புதிய அழைப்புகள் அரை மணிக்குப் பதில் 25 நிமிடம், ஒரு மணிக்குப் பதில் 50 நிமிடம். ஒரு மீட்டிங்கின் குறிப்பை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக நேரம் வேண்டும் என்பதே காரணம்.

எல்லாரும் தள்ளித் தொடங்குவோம்: 10:05–10:30, 10:10–11:00. வெள்ளிக்கிழமைக்குள் அவரவர் அவுட்லுக்கில் `Start late` தேர்ந்தெடுத்து, ஒரு மணிக்குக் குறைந்ததற்கு 5, ஒரு மணி முதல் 10 என்று வைக்கவும்.

வாராந்திரத் தொடர் நடத்துபவர்கள் 15-ஆம் தேதிக்குள் புதிய தொடர் அனுப்பவும். வாடிக்கையாளர் அழைப்பு, நேர்முகத் தேர்வு, பயிற்சி, சர்வர் பழுது அழைப்பு ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. கூடுதல் நேரம் தேவைப்பட்டால் கையால் மாற்றலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். ஆறு வாரம் கழித்துத் தொடர்வதா என்று பேசுவோம்."

புதிய தொடர் என்று எழுதியது வேண்டுமென்றேதான். ஓடும் தொடரைத் திறந்து நேரத்தை மாற்றினால், நடுவில் தனியாக வேறு நாளுக்குத் தள்ளி வைத்த மீட்டிங்குகள் எல்லாம் பழைய கிழமைக்கே திரும்பிவிடும். நடந்து முடிந்தவையின் நேரமும் மாறிக் காட்டும். ஆகவே பழைய தொடருக்கு இந்த வாரத்தோடு முடிவுத் தேதி போட்டுவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து புதிதாக அனுப்ப வேண்டும். டீம்ஸ் லிங்க் மாறும், பழைய சாட் பழைய தொடரிலேயே தங்கிவிடும். தேவையான குறிப்பை முன்பே எடுத்து வையுங்கள்.

கம்பெனி முழுக்க வேண்டும் என்றால் அட்மின் இதை ஓட்டலாம்:

```
Set-OrganizationConfig -ShortenEventScopeDefault StartLate -DefaultMinutesToReduceShortEventsBy 5 -DefaultMinutesToReduceLongEventsBy 10
```

ஒரு டீமுக்காக இதைத் தொடாதீர்கள். மொத்த நிறுவனத்துக்கும் விழும்.

நிதர்சனா

கூகுள் காலண்டர்ல இவ்வளவு தலைவலி இல்லையே. `Speedy meetings` டிக் பண்ணா முடிஞ்சது.

தரமணி

அதைச் சொல்லுங்க மேடம். கூகுள்ல அந்த டிக் எதைக் குறைக்குது? முடிவை. அரை மணி மீட்டிங் 5 நிமிஷம் முன்னாடி முடியும், அதைவிட நீளமானது 10 நிமிஷம் முன்னாடி. தள்ளித் தொடங்கற தேர்வே அதுல இல்ல. கூகுள் வச்சிருக்கிற வெண்டர்கிட்ட "10:05-னு கையால தட்டுங்க"ன்னு சொல்லப் போறீங்களா?

பழைய_அட்மின்

அவர் டீமில் எட்டு பேருக்கும் அவுட்லுக் என்று முதல் வரியிலேயே இருக்கிறது. கூகுளில் தேர்வு இல்லாததால் அதுதான் சரி என்றாகிவிடாது. தள்ளித் தொடங்குவதுதான் நிற்கும்.

தரமணி

மிச்சிகன் பல்கலைக்கழகத்துல பல காலமா வகுப்பு மணி அடிச்சு பத்து நிமிஷம் கழிச்சுத்தான் தொடங்கும். 2018-ல அதை விட்டுட்டாங்க. இப்போ மணிக்குத் தொடங்கி, பத்து நிமிஷம் முன்னாடி முடிக்கிறாங்க. உங்க முறையை வச்சிருந்தவங்களே கைவிட்டுட்டாங்க.

பழைய_அட்மின்

வகுப்பில் பேசுபவர் ஒருவர், நிறுத்துவதும் அவரே. எட்டு பேர் பேசும் அறைக்கு அதைக் கொண்டுவராதீர்கள். பல காலம் ஓடியது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதையும் பாருங்கள்.

தரமணி

தோத்த வாதத்துக்கு இப்படித்தான் பதில் வரும்.

கிண்டிக்காரன்

மெயில் எடுத்துக்கிட்டேன், நன்றி சார். `Start late` வரியை மட்டும் மேனேஜர்கிட்ட கேட்டுட்டுப் போடறேன், அவர் முன்னாடி முடிக்கிற கட்சி. இன்னொண்ணு: எங்க ஆபீஸ்ல ரூம் புக் பண்ற ஆப் தனி. அது அரை மணி துண்டாத்தான் எடுக்கும், 10:05 போட விடாது. 10:00–10:30 ரூமை எடுத்துட்டு அழைப்பை மட்டும் 10:05-க்கு அனுப்பினா சரியா?

பழைய_அட்மின்

சரிதான். அப்படி எடுத்தால் முதல் 5 நிமிடம் அறை காலியாக இருக்கும், முன்னால் இருந்தவர்கள் எழுந்து போக நேரம் கிடைக்கும். தள்ளித் தொடங்குவதற்கு இது இன்னொரு காரணம்.

தரமணி

அந்த 5 நிமிஷமும் முன்னால இருந்தவங்க உட்கார்ந்து பேசிட்டுத்தான் இருப்பாங்க. கதவைத் தட்டப் போறது யாரு, நீங்களா?