65 வாட் சார்ஜர் போட்டும் 45 வாட் போன் ஏற 2 மணி நேரம், எங்க தப்பு?

சேலத்துப்பையன்
வணக்கம் மக்களே, ஒரு குழப்பம். போன மாசம் புது போன் வாங்கினேன், 45 வாட் ஃபாஸ்ட் சார்ஜிங்னு விளம்பரத்துல போட்டிருந்தான். டப்பாவ பிரிச்சா உள்ள கேபிளும் சிம் குத்துற ஊசியும்தான் இருக்கு, சார்ஜர காணோம். கடைக்காரர கேட்டா இப்பல்லாம் இப்படித்தான் சார் வருது, தனியா வாங்கிக்கோங்கன்னு சாதாரணமா சொல்றார். சரி வீட்ல லேப்டாப்போட டைப்-சி சார்ஜர் இருக்கு, அது 65 வாட், 45 கேக்குற போனுக்கு 65 தாராளமா போதுமேன்னு அதையே மாட்டிட்டிருக்கேன். 10 பர்சன்ட்ல இருந்து முழுசா ஏற 1 மணி 50 நிமிஷம் ஆகுது. தம்பி வச்சிருக்கற 3 வருஷ பழைய போன் அதோட சார்ஜர்ல ஒரு மணி நேரத்துல ஏறிடுது, கேலி பண்றான்.

ரெண்டு கேள்வி. ஏன் இவ்ளோ மெதுவா ஏறுது? அப்புறம் 45 வாட் சார்ஜர் வாங்கி தினமும் போட்டா பேட்டரி சீக்கிரம் போயிடுமா? எனக்கு இந்த போன் 4 வருஷமாவது ஓடணும்.

குமரி_கண்ணன்
சார்ஜிங் ஓட்டைய பாத்தீங்களா ப்ரோ? எனக்கும் ஏறவே ஏறாம இருந்துச்சு, பல்குச்சிய வச்சு நோண்டினா பாக்கெட் பஞ்சு உருண்டை உருண்டையா வந்துச்சு, அப்புறம் சூப்பர்.

சேலத்துப்பையன்
ஒரு மாச போன் ப்ரோ, பஞ்சு சேர இன்னும் நேரமே வரல. ஏறுது, மெதுவா ஏறுது, அவ்ளோதான்.

பெரியசாமி_ரிட்டயர்டு
தம்பி, மெதுவா ஏறுறது உங்க நல்லதுக்குத்தான். பேட்டரிய எவ்வளவு வேகமா ரொப்புறோமோ அவ்வளவு சீக்கிரம் சாகும். நான் இன்னிக்கும் பழைய 5 வாட் சார்ஜர்தான் போடறேன், ராத்திரி படுக்கும்போது மாட்டி காலைல எடுப்பேன். 3 வருஷம் ஆச்சு. அந்த லேப்டாப் சார்ஜரயே வச்சுக்கோங்க.

சால்டரிங்_மாமா
15 வருஷமா போன் சர்வீஸ் கடை. தம்பி, லேப்டாப் சார்ஜர் பின்னாடி பொடி எழுத்துல Output-னு ஆரம்பிக்கற வரிய அப்படியே இங்க போடுங்க. எல்லாத்தையும் சொல்லணும், வாட் மட்டும் போதாது.

சேலத்துப்பையன்
டார்ச் அடிச்சு பாத்தேன் அண்ணே:

```
Output: 5V⎓3A  9V⎓3A  15V⎓3A  20V⎓3.25A
```

சால்டரிங்_மாமா
அங்கதான் விஷயமே இருக்கு. 65 வாட்டுங்கறது அந்த வரில கடைசியா இருக்கற 20 வோல்ட்டுக்கு மட்டும்தான், 20-அ 3.25-ஆல பெருக்கி பாருங்க. அது லேப்டாப்புக்கு. உங்க போன் 20 வோல்ட்ட கேக்கவே கேக்காது, 9 வோல்ட்டுக்குத்தான் போகும், அதுலயும் முழு 3 ஆம்பியர் எடுக்குமாங்கறது போனோட முடிவு. நிறைய போன்ல உள்ள இருக்கற கன்ட்ரோலர், இந்த மாதிரி படிக்கட்டு மாதிரி நிக்கற சார்ஜர பாத்தா பத்திரமா 15 வாட்டோட நிறுத்திக்கும்.

45 வாட் வாங்கணும்னா அந்த வரில PPS-னு இன்னொன்னு இருக்கணும். இப்படி இருக்கும்:

```
PPS: 3.3V-11V⎓5A
```

பிபிஎஸ்னா என்னன்னா, போன் ஏறும்போதே நொடிக்கு நொடி சார்ஜர்கிட்ட பேசி வோல்ட்ட கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் கொறைன்னு கேட்டுக்கிட்டே இருக்கும், சார்ஜரும் பொடிப்பொடியா மாத்தி கொடுக்கும். அதனால வோல்ட்ட மாத்தற வேலை போனுக்குள்ள கொறையும், சூடும் போனுக்கு பதிலா சார்ஜர்ல நிக்கும். அதான் பிபிஎஸ் இல்லாத சார்ஜர்ல போன் அதிக வாட்ட எடுக்க மறுக்குது. நம்பலேன்னா கம்ப்யூட்டர்ல இருந்து ஆண்ட்ராய்டு போனுக்கு கமாண்ட் கொடுக்கற adb டூல் இருந்தா, வைஃபை வழியா கனெக்ட் பண்ணிட்டு, லேப்டாப் சார்ஜர மாட்டி வச்சு இத அடிச்சு பாருங்க. எல்லா போன்லயும் சரியா காட்டாது, ஆனா நெறைய போன்ல காட்டும்.

```
adb shell dumpsys battery
```

சேலத்துப்பையன்
அண்ணே வந்துச்சு! Max charging current: 1670000, Max charging voltage: 9000000, temperature: 371.

சால்டரிங்_மாமா
அது மைக்ரோல இருக்கு, பத்து லட்சத்தால வகுக்கணும். 1.67 ஆம்பியர், 9 வோல்ட், பெருக்கினா 15 வாட். உங்க 1 மணி 50 நிமிஷ கணக்கு அங்க முடிஞ்சுது. 371-ங்கறது 37.1 டிகிரி, நல்ல நிலைதான்.

ஆனந்தி_திருச்சி
இங்கயே என் கதையையும் சொல்லிக்கறேன். எங்க வீட்டுக்காரர் போன் டப்பால சார்ஜரோட வந்தது, 80 வாட், அதுல அவர் போன் அரை மணி நேரத்துல ஏறிடும். நான் அதே சார்ஜர்ல என் போன போட்டா ஆமை. அப்ப எனக்கும் பிபிஎஸ் பிரச்சனைதானா?

சால்டரிங்_மாமா
கிட்டத்தட்ட. அது கம்பெனியோட சொந்த முறைம்மா, அந்த சார்ஜரும் அந்த கேபிளும் அந்த போனும் ஒரே குடும்பம், அவங்களுக்குள்ள பேசிப்பாங்க. வெளி ஆளு வந்தா பொது பாஷைல கொஞ்சம்தான் கொடுப்பாங்க. உங்க சார்ஜர்லயும் Output வரிய பாருங்க, PPS இருந்தா கொஞ்சம் நல்லா ஏறலாம், இல்லேன்னா அவ்ளோதான்.

ஆப்பிள் 2020 அக்டோபர்ல ஐபோன் 12 டப்பால இருந்து சார்ஜர எடுத்தாங்க, 2021 ஜனவரில சாம்சங் எஸ்21-லயும் எடுத்தாங்க, அதுக்கப்புறம் எங்க கடைக்கு வர்ற பாதி பேர் இந்த குழப்பத்தோடதான் வர்றாங்க. மின்கழிவு கொறையும்னு சொன்னாங்க, வீட்ல இருக்கற பழைய சார்ஜர் புது போனுக்கு பேசற பாஷை தெரியாதவனா இருந்தா என்ன பண்றதுன்னு யாரும் டப்பா மேல எழுதல.

சேலத்துப்பையன்
5 நாள் கழிச்சு வந்துருக்கேன். PPS போட்ட 45 வாட் சார்ஜர் வாங்கிட்டேன், BIS R நம்பர் இருக்கான்னு பாத்து BIS Care ஆப்ல அடிச்சு பாத்துட்டுதான் வாங்கினேன். இப்ப 10-ல இருந்து 100 வர 1 மணி 16 நிமிஷம். நல்ல முன்னேற்றம், ஆனா போன் திரைல 45 வாட்டுக்கு காட்டற அந்த ரெண்டாவது லெவல் வரல, கீழ் லெவல்தான் காட்டுது. சார்ஜர் டூப்ளிகேட்டா?

சால்டரிங்_மாமா
கேபிள். டப்பால வந்த கேபிள்தான போடறீங்க? அது பெரும்பாலும் 3 ஆம்பியர். 45 வாட் பிபிஎஸ் சார்ஜர் 3 ஆம்பியருக்கு மேல கொடுக்கணும்னா கேபிள் முனைல ஒரு சிப் இருந்து "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்"னு சொல்லணும், சொல்லலேன்னா சார்ஜர் 3-ல நிறுத்திக்கும். அது பாதுகாப்புக்குத்தான், கேபிள் உருகாம இருக்க. 5A இல்ல 100W-னு எழுதின கேபிள் வாங்கி பாருங்க.

சேலத்துப்பையன்
வாங்கிட்டேன். ரெண்டாவது லெவல் வந்துருச்சு!! 10-ல இருந்து 50 வர சும்மா பறந்துச்சு. ஆனா முழுசா ஏற 1 மணி 5 நிமிஷம். இதுக்கு முன்னாடி 1.16. கேபிள் காசுக்கு 11 நிமிஷம்தானா?

சால்டரிங்_மாமா
ஆமா, அவ்ளோதான். 45-ங்கறது முதல்ல கொஞ்ச நேரம்தான் நிக்கும். உங்க பேட்டரி 5000 எம்ஏஎச்னா சுமார் 19 வாட்-மணி, அதுக்கு 45 வாட்ட கடைசி வரைக்கும் கொடுக்க முடியாது. பேட்டரி ஏற ஏற கன்ட்ரோலர் கரண்ட்ட இறக்கிட்டே வரும், 80 தாண்டினதும் ரொம்ப கம்மி. கடைசி 20 பர்சன்ட்டு எந்த சார்ஜர்லயும் மெதுவாத்தான் ஏறும், அது போன் உங்க பேட்டரிய காப்பாத்தறது. அவசரமா வெளிய போகணும்னா 20 நிமிஷம் போட்டு எடுத்துட்டு போங்க, அதுலதான் 45 வாட்டோட லாபம்.

பெரியசாமி_ரிட்டயர்டு
நான் சொன்னத யாரும் எடுத்துக்கல. வேகமா ரொப்பினா உள்ள அயனிகள் நெருக்கியடிச்சு படிஞ்சிடும்னு நான் படிச்சிருக்கேன்.

சால்டரிங்_மாமா
ஐயா பாதி சரிதான், இல்லேங்கல. குளிர்ல, இல்ல அளவுக்கு மீறின வேகத்துல போட்டா லித்தியம் உள்ள போய் உக்கார நேரமில்லாம மேலயே உலோகமா படியும், அது திரும்ப வராது. அதுக்குத்தான் போனே வேகத்த கொறைக்குது. ஆனா எங்க கடைக்கு உப்பி போய் வர்ற பேட்டரிகள கேட்டு பாத்தா வேகத்த விட சூடுதான் பெரும்பாலும் காரணம். தலகாணிக்கு அடில வச்சு சார்ஜ், வெயில்ல பைக் ஹேண்டில்ல மேப் ஓட்டிக்கிட்டே சார்ஜ், கேம் ஆடிக்கிட்டே சார்ஜ். இன்னொன்னு, ஐயா கோச்சுக்காதீங்க, ராத்திரி பூரா 100-லயே நிக்க விடறது. 5 வாட்ல போட்டாலும் விடிய விடிய முழுசா ரொம்பி நின்னா பேட்டரிக்கு அதுவும் கஷ்டம்தான்.

பெரியசாமி_ரிட்டயர்டு
என் போன் 3 வருஷமா நல்லாத்தான் இருக்கு.

சால்டரிங்_மாமா
இருக்கும் ஐயா, நீங்க கேம் ஆட மாட்டீங்க.

சேலத்துப்பையன்
அப்ப 4 வருஷம் ஓடுமா ஓடாதா?

சால்டரிங்_மாமா
கணக்கு போடுவோம். ஐரோப்பால 2025 ஜூன் 20-ல இருந்து விக்கற போன் 800 முழு சார்ஜுக்கப்புறமும் 80 பர்சன்ட் கொள்ளளவு வச்சிருக்கணும்னு விதி. நம்ம ஊருக்கு அந்த விதி கிடையாது, ஆனா ஒரு அளவுகோலா வச்சுக்கலாம். முழு சார்ஜ்னா 0-ல இருந்து 100, ரெண்டு தடவை 50 போட்டா ஒண்ணு. நீங்க ஒரு நாளைக்கு எவ்ளோ செலவு பண்றீங்க?

சேலத்துப்பையன்
70 பர்சன்ட் போகும்னு வைங்க.

சால்டரிங்_மாமா
800-அ 0.7-ஆல வகுத்தா 1140 நாள் சொச்சம், 3 வருஷத்துக்கு மேல. அப்ப 80 பர்சன்ட் இருக்கும், போன் சாகாது, சாயங்காலம் ஒரு தடவை கூடுதலா சொருகணும், அவ்ளோதான். 4-ஆவது வருஷம் பேட்டரி மாத்திக்கலாம், போன் விலைல அது சின்ன தொகை. வேகத்துக்கு பயந்து அலைய வேணாம், அவசரம் இல்லாத நேரம் லேப்டாப் சார்ஜர்ல போடுங்க, அவசரத்துக்கு 45. போன் கவர கழட்டிட்டு போடுங்க, சேலத்து சித்திரை வெயில்ல அது முக்கியம்.

குமரி_கண்ணன்
80 பர்சன்ட்ல நிறுத்தற செட்டிங்க ஆன் பண்ணினா நல்லதுன்னு சொல்றாங்களே, அது உண்மையா? நான் ஒரு வாரம் வச்சு பாத்தேன், சாயங்காலம் 6 மணிக்கே ஆஃப் ஆயிடுச்சு.

சால்டரிங்_மாமா
பேட்டரிக்கு நல்லதுதான், ஆனா உங்களுக்கு நல்லதான்னு கேட்டா எனக்கு சொல்ல தெரியல. 20 பர்சன்ட்ட 3 வருஷம் கழிச்சு இழக்கக்கூடாதுன்னு இன்னிக்கே விட்டுக் கொடுக்கற கணக்கு அது. வீட்டுலயே இருக்கறவங்களுக்கு சரி, பஸ்ல அலையறவனுக்கு சரியா வராது.

ஆனந்தி_திருச்சி
பாத்தேன் அண்ணே, அந்த 80 வாட்ல PPS இல்ல. இப்ப புதுசா ஒண்ணு வாங்கணுமா, வீட்டுக்காரருக்கு என்னன்னு சொல்றது?