டைம்லைனில் காலி வாரம்: விடலாமா, கூடாதா?

சுடர்_சிவகாசி: ஓப்பன் சோர்ஸ் அமைப்புகளுக்கு மென்டர் துணையோடு கோடு எழுதும் கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்கு ப்ரபோசல் எழுதுகிறேன். 175 மணி நேர புராஜெக்ட், 12 வாரம். ஒரு மொபைல் மேப் செயலிக்கு ஜிபிஎக்ஸ், அதாவது ஜிபிஎஸ் பதிவுக் கோப்பு, இம்போர்ட் வசதி. டைம்லைனில் ஒரு வாரம் காலியாக விடலாமா? "காலி வாரம் போட்டால் அப்போதே குப்பைக்கூடை" என்கிறார் சீனியர்.

பழைய_மென்டர்: அந்த சீனியர் எத்தனை ப்ரபோசல் படித்துத் தேர்வு செய்திருக்கிறாராம்? காலி வாரம் இல்லாத டைம்லைனைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகமே வரும். 175 மணி நேரத்தை 12 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 15 மணி நேரம்கூட வராது. அதில் நீங்கள் அனுப்பும் புல் ரிக்வெஸ்டை யாரும் அன்றே மெர்ஜ் செய்யப் போவதில்லை. மென்டருக்கும் பிழைப்பு இருக்கிறது. ரிவ்யூ ஒரு வாரம் கிடக்கும், அப்புறம் "இதை மாற்று" என்று திரும்பி வரும். அந்த வாரத்தை எங்கே வைப்பீர்கள்?

அடாவடி_அரசு: வந்துவிட்டார் வாத்தியார். 'பஃபர்' என்று ஒரே வார்த்தை எழுதிய வாரத்தைப் பார்த்தால், இவன் திட்டமே போடவில்லை என்றுதான் தோன்றும். சீனியர் சொன்னது சரி.

பழைய_மென்டர்: வெறும் 'பஃபர்' என்று எழுதச் சொன்னது யார்? "6ஆம் வாரம்: ரிவ்யூ கருத்துகளைச் சரிசெய்தல், மிட்டேர்ம் மதிப்பீட்டுக்குமுன் டிராக் பார்சரை மெர்ஜ் செய்தல்" என்று எழுதுங்கள். புது வேலை எதுவும் இல்லை. அதுதான் காலி வாரம்.

அடாவடி_அரசு: அப்படியென்றால் அது காலி வாரமே இல்லையே! நான் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டு ஜெயித்த மாதிரி பேசுகிறீர்கள். போன வருடம் டெபியன் திரியிலும் இதே கதைதான்.

பழைய_மென்டர்: டெபியன் திரியில் யார் பாதியில் ஓடினார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அனு_கோவை: என் ப்ரபோசலில் காலி வாரமே இல்லை, எடுத்துக்கொண்டார்கள். பயந்தால் 90 மணி நேர புராஜெக்ட் எடுங்கள், 2024 முதல் இருக்கிறதே. இல்லாவிட்டால் மென்டர் சம்மதித்தால் 22 வாரம் வரை நீட்டிக்கலாம்.

பழைய_மென்டர்: எந்த ஐடியாவுக்கு எத்தனை மணி நேரம் என்பதை அந்த அமைப்பு தன் பட்டியலில் போட்டிருக்கும், நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. நீட்டிப்பு மென்டர் மனது வைத்தால் கிடைப்பது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சுடர், 'ஜிபிஎக்ஸ் இம்போர்ட்' என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் அங்கேதான் வம்பு. அதற்குள் புள்ளிகள், வழிகள், நடந்த தடங்கள் என்று மூன்று இருக்கின்றன. தடத்தை மட்டும் எடுங்கள். சிக்னல் போய்த் திரும்பினால் தடம் இப்படித் துண்டாகும்:

```
<trk>
  <trkseg>...</trkseg>
  <trkseg>...</trkseg>
</trk>
```

இரண்டையும் சேர்த்து வரைந்தால், ஆள் போகாத ஏரியின் குறுக்கே நேர்கோடு விழும். பெரிய கோப்பை முழுதாக மெமரியில் ஏற்றினால் போன் தொங்கிவிடும், துளித்துளியாகப் படிக்க வேண்டும். முதல் 2 வாரம் மாதிரிக் கோப்புகளும் டெஸ்ட்டுகளும், 5ஆம் வாரம் வரை பார்சர், 6 காலி. 7 முதல் 10 வரை திரை, பிழைச் செய்தி. 11 மறுபடி காலி, 12 ஆவணம். `<wpt>`, `<rte>` என்ற புள்ளி, வழி இரண்டும் 'நேரம் இருந்தால்' என்ற தலைப்பின்கீழ்.

அடாவடி_அரசு: இப்போது இரண்டு காலி வாரமா! பாதிச் சம்பளம் தூங்குவதற்கா?

அனு_கோவை: சம்பளம் இல்லை, ஸ்டைபெண்ட். நாட்டுக்கு நாடு மாறும்.

அடாவடி_அரசு: அதை யார் கேட்டது?

சுடர்_சிவகாசி: மே மாதம் செமஸ்டர் தேர்வு. அதையும் எழுதலாமா?

பழைய_மென்டர்: கட்டாயம், தேதியோடு. கோடிங் தொடங்கும் முன் சில வாரம் அறிமுகக் காலம் இருக்கிறது. தேர்வு அதில் முடிந்தால் பிரச்சனையில்லை. ஜூனில் இழுத்தால் முதல் வாரத்தின் வேலையைக் குறையுங்கள். மறைத்துவிட்டுக் காணாமல் போகிறவனைத்தான் மிட்டேர்மில் ஃபெயில் செய்வோம். அப்புறம், ப்ரபோசலுக்கு முன்பே அந்த ரெப்போவில் ஒரு சின்ன பக்கையாவது சரிசெய்து அனுப்புங்கள். உங்கள் புல் ரிக்வெஸ்ட் எத்தனை நாள் கிடக்கிறது என்று பார்த்தால், காலி வாரம் வேண்டுமா என்பது தானே தெரியும்.

அடாவடி_அரசு: எங்கள் ரெப்போவில் அன்றே மெர்ஜ் ஆகும்.

பழைய_மென்டர்: நீங்களே எழுதி நீங்களே மெர்ஜ் செய்யும் ரெப்போவா?

அடாவடி_அரசு: லிங்க் தருகிறேன், வந்து பாரும். காலி வாரத்தைப் பற்றி மட்டும் இன்னும் பதில் வரவில்லை.